கூடலூர், மழைக்கு முன்

மே 19

இரவு சொட்டு கட்டிலின் தலைமாட்டிலேயே விழுந்தது. அப்பாவின் இடுப்பில் தகடு வைத்து ஒன்பது நாள்தான் ஆகிறது, அவரை எழுப்பி உட்காரவைக்கவும் முடியாது. கட்டிலோடு சேர்த்து ஒரு முழம் இழுத்தோம். வாளி வைத்ததும் சத்தம் இன்னும் மோசமாகிவிட்டது. அப்பா எண்ணிக்கொண்டே கிடந்தார். நானூறு வரை எண்ணியதாகக் காலையில் சொன்னார்.

மே 20

ஏணி போட்டு ஏறினேன். அலைத் தகரத்தின் பள்ளத்தில் வரிசையாக ஸ்க்ரூ அடித்திருக்கிறார்கள். மூன்று வருடம் முன்பு இந்த வேலையைச் செய்த ஆள் அப்போதே சொன்னார்: "பள்ளத்தில் அடித்தால்தான் ஷீட் அடியில் குறுக்கே ஓடும் பர்லின் சட்டத்தோடு ஒட்டி உட்காரும், காற்றுக்கு ஆடாது." நானும் தலையாட்டினேன். அவர் சொன்னது பொய்யில்லை, ஷீட் ஆடவில்லைதான். ஆனால் கூரையில் விழும் தண்ணீர் முழுவதும் ஓடுவது அந்தப் பள்ளத்தில். ஒவ்வொரு ஸ்க்ரூவும் வாய்க்கால் நடுவில் போட்ட ஓட்டை. அதை அடைத்துக்கொண்டிருப்பது கால் ரூபாய் அகலத்தில் ஒரு ரப்பர்.

அந்த ரப்பரைத் தொட்டேன். விரலில் கரி ஒட்டியது.

மே 21

மழை இல்லை. வாளி காலி. தூக்கமும் இல்லை.

மே 22

குழாய் வைத்துச் சோதித்தோம். மச்சான் மேலே, நான் உள்ளே டார்ச்சோடு. எடுத்த எடுப்பில் உச்சியிலிருந்து தண்ணீர் விட்டால் எல்லாம் நனைந்து ஒன்றும் தெரியாமல் போய்விடும். அதனால் இறவாரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பர்லினுக்கும் பத்து நிமிடம், படிப்படியாக மேலே. கீழ் பர்லின் உலர்ந்தே இருந்தது. கட்டிலுக்கு நேர் மேலே இருப்பது மேலிருந்து நான்காவது. அங்கேதான் ஓட்டை என்று சத்தியமே செய்திருப்பேன். அங்கும் சொட்டவில்லை. மூன்றாவதற்குப் போய் ஏழாவது நிமிடத்தில் கட்டில் மேல் சொட்டு.

பிறகுதான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்றாவது பர்லினில் நுழைந்த நீர் தகரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வந்து, நான்காவது பர்லின் தடுத்த இடத்தில் விழுகிறது. போன வருடம் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே சிலிக்கான் பூசிவிட்டு நிம்மதியாக இருந்தவன் நான். அதுவும் வினிகர் வாடை அடிக்கும் வகை. அதிலிருக்கும் அமிலம் துத்தநாகப் பூச்சை அரித்து, சுற்றிலும் வெள்ளை பூத்திருக்கிறது.

மே 24

முடிவு: கட்டிலுக்கு மேலே உள்ள இரண்டு ஷீட்டையும் மாற்றி, புதியதை அலையின் மேட்டில் ஸ்க்ரூ போட்டு அடிப்பது. மற்றவற்றை என்ன செய்வது என்று பிறகு.

அப்பா இன்று கஞ்சியைத் துப்பிவிட்டார். உப்பு போதவில்லையாம். நல்ல அறிகுறி என்கிறாள் அக்கா.

மே 25

ஸ்க்ரூ வாங்கப் போனேன். பள்ளத்துக்கு ஒரு அங்குலம் போதும். மேட்டுக்கு அலையின் உயரத்தையும் தாண்டிப் பர்லினைப் பிடிக்க வேண்டும், ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் கேட்டு வாங்கினேன். வாஷரில் இரண்டு வகை காட்டினார்கள். பார்வைக்கு இரண்டும் கறுப்புதான். விலை குறைந்ததை நகத்தால் மடக்கினேன், மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. அது பிவிசி. வெயிலில் காய்ந்து விறைத்து வெடித்துவிடும். என் கூரையில் கரியாக ஒட்டியதும் அதன் உறவாகத்தான் இருக்கும். மற்றது ஈபிடிஎம் ரப்பர், மேலே உள்ள உலோகத் தட்டோடு ஒட்டியே வருகிறது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய இடத்துக்கே வந்தது.

வீட்டுக்கு வந்தும் அதை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தேன். சட்டைப்பையில் இரண்டு இருக்கின்றன.

தாத்தா காலத்துக் கூரையில் ஜே போல்ட்டும் தார் வாஷரும். அதுவும் மேட்டில்தான் போட்டிருந்தார்கள்.

மே 26

கெடுத்துவிட்டேன்.

இம்பாக்ட் டிரைவரை இரவல் வாங்கி ஏறினேன். பள்ளத்தில் அடிக்கும்போது தகரத்துக்கு அடியில் பர்லின் இருக்கிறது. ஸ்க்ரூ போய் முட்டியதும் கைக்குத் தெரியும். மேட்டுக்கு அடியில் வெறும் காற்று. முட்டுவதே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகத் திருகத் தகரமும் கூடவே இறங்குகிறது. நான்கு ஸ்க்ரூ அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நான்கு மேடும் சாஸர் போலக் குழிந்து கிடந்தன. தண்ணீர் தேங்காத இடம் என்றுதானே மேட்டைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேயே நான்கு குட்டைகளை வெட்டி, நடுவில் ஓட்டையும் போட்டுவிட்டேன். வாஷரின் ரப்பர் பக்கவாட்டில் உதடு பிதுங்கி நின்றது, உலோகத் தட்டு விளிம்பு தூக்கிக் கவிழ்ந்த குடையாகியிருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். குழிந்த தகரம் எழும்பவில்லை.

மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மே 27

அப்பாவுக்குக் காய்ச்சல், 101. கூரையைப் பற்றி நினைக்கவில்லை.

(நினைத்தேன்.)

மே 29

காய்ச்சல் இறங்கிவிட்டது. மச்சான் தன் டிரில்லைக் கொண்டுவந்தார். தலையில் எண் போட்ட வளையம் இருக்கும் மெஷின். இறுக்கம் குறித்த அளவை எட்டியதும் கடகடவென்று தானே நழுவிவிடும். சிறிய எண்ணில் தொடங்கினோம். வாஷரை விரலால் சுற்ற முடிந்தது, அப்படியென்றால் தளர்வு. ஒவ்வொரு எண்ணாக ஏற்றி, ரப்பர் உலோகத் தட்டின் விளிம்புவரை வந்து எட்டிப்பார்க்கும் எண்ணில் நிறுத்தினோம். தட்டு தட்டையாகவே இருந்தது, மேடும் குழியவில்லை. பிறகு எல்லாம் அதே எண்ணில்.

ஸ்க்ரூ சாய்ந்தால் மட்டும் எந்த எண்ணும் உதவாது. ஒரு பக்கம் பிதுங்கி மறுபக்கம் வாய் திறந்துகொள்கிறது. மேட்டில் நுனி வழுக்குவதால் இது எளிதில் நடந்துவிடும். மூன்றைக் கழற்றி நிமிர்த்தி அடித்தேன். மாலையில் துடைப்பத்தால் இரும்புத் துருவல் முழுவதையும் பெருக்கித் தள்ளினோம், விட்டால் ஒரே மழையில் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகப் பரவும்.

மே 31

மற்ற ஷீட்டுகளையும் மேட்டுக்கு மாற்றச் சொல்கிறாள் அக்கா. வேண்டாம் என்றேன். பள்ளத்து ஸ்க்ரூவைப் பிடுங்கினால் அந்த ஓட்டை அங்கேயேதான் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒட்டுப் போட வேண்டும். மூன்று வருடத்தில் ஓட்டைகளும் வாய் அகன்றிருக்கின்றன. பதினான்கு அடித் தகரம் வெயிலுக்கும் குளிருக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது (30 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன்), தினமும். அதனால் பழைய பன்னிரண்டாம் நம்பர் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் அதைவிடத் தடித்த பதினான்காம் நம்பர், புது ஈபிடிஎம் வாஷரோடு. இதுவும் நிரந்தரமில்லை. ரப்பர் இருக்கும் வரைதான்.

இருபத்தாறு முடிந்தது. முழங்கால் தேய்ந்துவிட்டது.

ஜூன் 1

மேகம் தேவாலா பக்கம் கறுத்து நிற்கிறது. அப்பா வாளியை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.

ஜூன் 3

இரவு ஒன்றரை. பிடித்துவிட்டது, சாரல் இல்லை, நல்ல மழை. பேச்சு கேட்காத சத்தம். தலைமாட்டில் சொட்டு இல்லை. டார்ச் அடித்து அந்த நான்கு சாஸர்களுக்கு அடியிலும் பார்த்தேன். மூன்று உலர்ந்திருக்கின்றன. நான்காவது கட்டிலுக்கு அந்தப் பக்கம். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் தெரியும், அப்பா இப்போதுதான் கண் அசந்தார்.