பெட்டியில் ஒரு எண், போனில் வேறு எண்

போன வாரம் பழைய போன் ஒன்றை வாங்கப் போய், போக வர மூன்று மணி நேரம் வீணாகி, வெறும் கையோடு திரும்பினேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பணம் கை மாறாமல் தப்பியது ஒன்றுதான் ஆறுதல்.

போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யைச் சோதிக்காமல் பழைய போன் வாங்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், சோதித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அப்படியும் ஏமாறப் பார்த்தேன். எந்த எண்ணைச் சோதித்தேன் என்பதில்தான் தப்பு நடந்தது.

விற்பவரிடம் எண் கேட்டதும் போன் பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினார். அதிலிருந்த 15 இலக்கங்களைச் சோதனைத் தளத்தில் போட்டேன். நிறுவனம் சரி, மாடல் சரி, திருட்டு என்றோ முடக்கப்பட்டது என்றோ எந்தப் பதிவும் இல்லை. போதும் என்று கிளம்பிவிட்டேன்.

நேரில் போன் பளிச்சென்று இருந்தது. தன்னுடைய இன்னொரு போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து, வீடியோ ஓட்டிக் காட்டினார், கேமராவைத் திறந்து காட்டினார். நான் போனை வாங்கி *#06# அழுத்தினேன். திரையில் வந்த எண் பெட்டியில் இருந்த அதே இலக்கங்களில்தான் தொடங்கியது. அவசரத்தில் சரி என்று மூடப் பார்த்தேன். ஏதோ தோன்றி, கடைசி இலக்கம் வரை விரல் வைத்துப் படித்தேன். முதல் எட்டு இலக்கம் அச்சு அசல் ஒன்று. அதற்கப்புறம் எல்லாமே வேறு.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.எம்.இ.ஐ.யில் முதல் எட்டு இலக்கம் மாடலைக் குறிக்கும். ஒரே மாடலில் ஆயிரக்கணக்கான போன்களுக்கு அது ஒன்றாகவே இருக்கும். அடுத்த ஆறு இலக்கம்தான் அந்த ஒரு போனுக்கு மட்டும் உரியது. பதினைந்தாவது இலக்கம், மற்ற பதினான்கையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. எண்ணைத் தப்பாகத் தட்டினால் தளம் கண்டுபிடிப்பதற்காக வைத்தது. ஆக, அதே மாடலின் வேறொரு நல்ல போனுடைய பெட்டி கிடைத்தால் போதும். அந்த எண் எந்தச் சோதனையிலும் சுத்தமாகத்தான் வரும், மாடலும் பொருந்தும். நான் வீட்டில் உட்கார்ந்து சோதித்தது எங்கேயோ இருக்கும் யாரோ ஒருவருடைய போனை.

கேட்டதற்கு, "என்கிட்ட இதே மாடல்ல ரெண்டு இருந்துச்சுங்க, பெட்டி மாறிடுச்சு போல" என்றார். நடக்காது என்று சொல்ல முடியாது. சரி, திரையில் இருக்கும் எண்ணையே போட்டுப் பார்ப்போம் என்று அங்கேயே என் போனில் தளத்தைத் திறந்தேன். முடக்கப்பட்டது என்று வந்தது. தளம் தப்பாகக் காட்டுகிறது என்றார். அப்படியானால் என் சிம்மைப் போட்டு ஒரு கால் செய்து பார்க்கிறேன் என்றேன். பார்க்க வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லி போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஹாட்ஸ்பாட்டில் ஏன் வீடியோ காட்டினார் என்று அப்புறம்தான் உறைத்தது. முடக்கம் என்பது மொபைல் நெட்வொர்க்கில் நடப்பது. சிம் போட்டு போன் நெட்வொர்க்கில் சேர முயலும்போதுதான் அந்த எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து மறுக்கிறார்கள். வைஃபையில் அதே போன் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். அதனால் உங்கள் சிம்மை எடுத்துப் போங்கள், வைஃபையை அணைத்துவிட்டு கால் செய்து பாருங்கள்.

கால் போய்விட்டது என்பதாலும் முழுசாக நம்பிவிட முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் முடக்கப் பட்டியல் தனி. ஜி.எஸ்.எம்.ஏ. என்ற மொபைல் நெட்வொர்க் நிறுவனங்களின் அமைப்பு இந்தப் பட்டியல்களைப் பொதுவில் பகிர வழி செய்திருந்தாலும், எல்லா நெட்வொர்க்கும் அதை எடுத்துத் தடுப்பதில்லை. வேறு நாட்டில் திருடுபோன போன் உங்கள் சிம்மில் ஒழுங்காகவே பேசலாம். அதனால் சிம் சோதனை, தளச் சோதனை இரண்டையுமே செய்யுங்கள்.

இரண்டு நாள் கழித்து வேறொருவரிடம் இன்னொரு போன் பார்த்தேன். இந்த முறை எடுத்த எடுப்பிலேயே, *#06# அழுத்தி அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு சிம் போன் என்பதால் இரண்டு எண் வந்தது. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். பலர் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு சிம்முக்கும் தனி ஐ.எம்.இ.ஐ. என்பதால், ஒன்று மட்டும் பட்டியலில் ஏறியிருந்தால் ஒரு சிம் வேலை செய்யும், மற்றது செய்யாது. இ-சிம் வசதி இருந்தால் அதே திரையில் 32 இலக்கத்தில் இன்னொரு நீள எண்ணும் வரும், அது ஐ.எம்.இ.ஐ. இல்லை, விட்டுவிடுங்கள்.

நேரில் போனதும் மறுபடி நானே *#06# அழுத்தி, அனுப்பிய படத்தோடும் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிட்டேன். நான்கு இடத்திலும் ஒரே எண்கள். சில போன்களில் சிம் தட்டிலும் எண் பொறித்திருக்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, தட்டை ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடலாம். தளம் காட்டும் மாடல் பெயரை மட்டும் கட்டாயம் பாருங்கள். எண்ணையே மாற்றி எழுதிய போன்களில், கையில் ஒரு மாடல் இருக்கும், தளம் வேறு மாடலைச் சொல்லும். அதே மாடலின் நல்ல எண்ணைத் திருடி எழுதியிருந்தால் இதுவும் பிடிபடாது. அப்போது பழைய பில்லும் பெட்டியும்தான் கொஞ்சமாவது காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று எனக்கு முன்னால் தோன்றவே இல்லை, நண்பர் சொல்லித்தான் தெரியும். இன்று சுத்தமாக இருக்கும் எண் நாளைக்கு முடக்கப்படலாம். விற்றுவிட்டு தொலைந்துபோனதாகப் புகார் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தவணை பாக்கியில் இருக்கும் போனையும் சில நாடுகளில் முடக்குகிறார்கள். பெரும்பாலான தளங்கள் இதை முன்கூட்டிச் சொல்லாது. அதனால் ஒரு தாளில் விற்பவர் பெயர், தேதி, தொகை, இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் எல்லாம் எழுதிக் கையெழுத்து கேட்டேன். இந்த மனிதர் ஒரு வார்த்தை மறுக்காமல் போட்டுக் கொடுத்தார், பழைய பில்லின் அசலையும் சேர்த்தே தந்தார். போனில் இருந்த தன் கணக்கிலிருந்து அவர் வெளியேறி, போனை அழித்து, புதிதாகத் தொடங்கும் திரை வந்த பிறகுதான் பணம் கொடுத்தேன். பழைய கணக்கால் போன் பூட்டிக்கிடப்பது வேறு, ஐ.எம்.இ.ஐ. முடக்கம் வேறு, ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரி என்று ஆகாது.

நேற்று இரவு இரண்டு எண்ணையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டும் சுத்தம். கையெழுத்துப் போட்ட தாள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.