இரண்டு முறை வந்த இரண்டு மணி

"நான் ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே டைம்அவுட் வந்துடுச்சுண்ணா" என்று அந்தத் தம்பி சொன்னான். லாக் அப்படிச் சொல்லலையே என்று எல்லாரும் லைனில் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். 2023 அக்டோபர் 29, ஞாயிறு. காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரம் பையோடு அப்படியே கிடக்க, தண்டையார்பேட்டை வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

சென்னை கேட்வேயை அவன் ரீஸ்டார்ட் செய்தது காலை 6:10. ஜெர்மனி சர்வரில் முதல் டைம்அவுட் 02:17. அந்த லாக்கில் வெறும் மணிதான் இருக்கும், எந்த டைம் ஜோன் என்று இருக்காது. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கோடை நேரம் முடிகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் நாலரை மணி நேரம் கூட்டினேன். 6:47 வந்தது. ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். இது எதுவும் தெரியாமல், முந்தின நாள் மாதிரியே மூன்றரை மணி கூட்டியவர் சரியாகச் சொல்லியிருப்பார்.

அங்கே விடியற்காலை 3 மணி ஆனதும் கடிகாரம் 2-க்குத் திரும்புகிறது. ஆக அன்றைக்கு 02:17 இரண்டு முறை வந்தது. முதலாவது நமக்கு 5:47, இரண்டாவது 6:47. மூல ஃபைலில் அது கண்ணுக்கு நேராகவே இருந்தது:

```
02:59:58 heartbeat ok
02:00:01 heartbeat ok
```

இந்த இடத்துக்கு மேலே இருக்கிற 02:17 கோடை நேரம், கீழே இருப்பது குளிர்கால நேரம். ஆனால் நான் பார்த்தது மூல ஃபைலை இல்லை. இரண்டு சர்வர் லாக்கையும் நாலரை மணிக் கணக்கில் ஒன்றாக்கி `sort` போட்டிருந்தேன். அது இரண்டு மணி நேரத்தையும் ஒரே மணிக்குள் கலந்து, கடிகாரம் பின்னால் போன தடத்தையே அழித்துவிட்டது.

திங்கட்கிழமைதான் ரிக்வெஸ்ட் ஐடியை வைத்துத் தேடினேன். அந்த டைம்அவுட்டில் மாட்டிய ரிக்வெஸ்ட் ஜெர்மனியில் 02:17:08, அதே ஐடி சென்னையில் 05:47:09. ஒரு நொடி முன்பின் இருக்கட்டும், வித்தியாசம் மூன்றரை மணிதான். டைம்அவுட் வந்ததால்தான் அவன் ரீஸ்டார்ட் செய்திருக்கிறான்.

`+02:00` என்று லாக்கில் எழுதாதது ஜெர்மனிக்காரர்கள் தப்பு, இப்போதும் அதைத்தான் சொல்வேன். அவசரத்தில் எல்லாரும் `sort`தான் போடுவார்கள். சரி, ஆனால் ஐடி இரண்டு பக்கமும் இருந்தது, தேட இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஏன் தேடவில்லை என்றால், எதற்கெடுத்தாலும் ரீஸ்டார்ட் பண்ணுகிறவன் என்று அவனைப் பற்றி முன்பே ஓர் எண்ணம் எனக்கு இருந்தது. 6:47 அதற்குப் பொருந்தியதும் நிறுத்திவிட்டேன். இல்லை, நேரம் இருந்திருந்தால் தேடித்தான் இருப்பேன் என்றும் சில நாள் தோன்றுகிறது.

தப்பு என்னுடையது என்று எல்லாருக்கும் மெயில் போட்டேன். "பரவால்லண்ணா" என்றான். அதிலிருந்து எதை ரீஸ்டார்ட் செய்தாலும் முதலில் `date -u` அடித்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு மட்டும் அனுப்புகிறான்.