ரோலரில் வைத்த விரல்

ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் தண்ணீர் தெருவுக்கு ஏறிவிட்டது. அடிபம்புத் தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது. டெல்டாவில் அப்படி ஒரு வாரம் வந்தால் எங்கள் குழந்தைகள் வார்டில் வயிற்றுப்போக்குக் கட்டில்கள் நிறைந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினொரு மாதப் பையனைத் தூக்கி வந்தார்கள். எடை 8 கிலோ, மூன்று நாள் பேதி.

முதலில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவத்தை நரம்பில் ஏற்றினோம். கண் தெளிந்தது. ஆனால் அவனுடைய அப்பாயி என்னை விடவில்லை. "வவுறு மத்தளமாட்டம் இருக்கு சிஸ்டர், கழுத்தும் நிக்க மாட்டேங்குது" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் இருந்தது. பேதியோடு பொட்டாசியமும் போய்விட்டால் குடல் அசைவு நின்று வயிறு உப்பும், தசை தளர்ந்து கழுத்து தொங்கும். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.4 என்று வந்தது. 3.5க்குக் கீழே இருந்தாலே குறைவுதான்.

"ஒன்னுக்குப் போனானா பாட்டி?" என்று கேட்டு, நனைந்த துணியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டாக்டர் கே.சி.எல்., அதாவது பொட்டாசியம் குளோரைடு எழுதினார். சிறுநீர் இறங்காத குழந்தைக்குக் கொடுத்தால் மிஞ்சும் பொட்டாசியம் வெளியேற வழியில்லை, மிஞ்சினால் இதயத்தையே நிறுத்திவிடும்.

எங்களிடம் இருந்த கே.சி.எல். ஆம்பூல் 10 மில்லி. அதில் 20 மில்லிஈக்விவலன்ட் பொட்டாசியம் உண்டு. வார்டில் அதை 'மெக்' என்போம். அரை ஆம்பூலை 500 மில்லி பாட்டிலில் கலந்தால் லிட்டருக்கு 20 மெக். சாதாரணமாக அது போதும். இவனுக்கு முழு ஆம்பூல், அதாவது லிட்டருக்கு 40. கை நரம்பில் ஏற்றுவதற்கு எங்கள் வார்டு வைத்திருந்த உச்சம் அதுதான். அதற்கு மேல் போனால் நரம்பு எரியும், வீங்கும். சிறு சொட்டாக இறக்கும் மைக்ரோ டிரிப் செட்டில் நிமிடத்துக்கு 33 சொட்டு, மணிக்கு 33 மில்லி. கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு மணிக்கு சுமார் 0.17 மெக். வார்டின் எல்லையான 0.2க்குள் அடங்கியது. 0.5 வரை போவதென்றால் ஈசிஜி மானிட்டர் ஓட வேண்டும், ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு மறுபடி பீச்சியடித்தான். கண் குழிந்தது, கை கால் சில்லிட்டது. டாக்டர் போனில், "160 மில்லி, அரை மணி நேரத்தில் போடுங்க" என்றார். எதில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த பாட்டிலின் குழாயில் சொட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரோலரைத் தளர்த்திவிட்டேன்.

ஐந்து நிமிடம் இருக்கும். பக்கத்து வார்டு மூத்த சிஸ்டர் பஞ்சு கேட்டு வந்தார். பாட்டில் லேபிளைப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் ரோலரை இறுக்கி மூடினார். "இதுல கே.சி.எல். இருக்குடி" என்றார். புது ரிங்கர் லாக்டேட் பாட்டிலை அவரே மாட்டினார். பையனுக்கு ஈசிஜி எடுத்தோம். பொட்டாசியம் ஏறினால் கூராக நிமிரும் டி அலை நிமிரவில்லை. உள்ளே போனது 25 மில்லி, 1 மெக் மட்டும்.

விடிந்ததும் மருந்து அறையில் உட்கார்ந்து மிச்சத்தைக் கணக்குப் போட்டேன். 160 மில்லியும் அதிலேயே இறங்கியிருந்தால் 6.4 மெக், அரை மணி நேரத்தில். கிலோவுக்கு மணிக்கு 1.6 என்ற வேகம். தீவிர சிகிச்சைப் பிரிவில்கூட 1ஐத் தாண்ட மாட்டார்கள். ரிங்கர் லாக்டேட்டிலும் பொட்டாசியம் உண்டு, ஆனால் லிட்டருக்கு 4தான். அதே 160 மில்லியில் 0.64. பாட்டிலுக்குள் இருந்த செறிவு கடைசிவரை சரியாகத்தான் இருந்தது. வேகம்தான் மாறியது. செறிவு சரி என்ற நினைப்பில் ரோலரை யாரும் சந்தேகப்படுவதில்லை, நானும் படவில்லை.

இதே தவறு அவசரமே இல்லாமலும் வரும். மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி, பெரிய செட்டில் 20 சொட்டு. செட்டை மாற்றிவிட்டு அதே 33 சொட்டை எண்ணினால் மூன்று மடங்கு போகும். இவன் எடைக்கு அது 0.5ஐத் தொடும், மானிட்டர் இல்லாமலே.

கலப்பதிலும் ஒன்று உண்டு. தொங்கும் பாட்டிலில் கே.சி.எல்.லைக் குத்திவிட்டு அப்படியே விட்டால், கனமான அது அடியில், குழாய் வாயருகே தங்கிவிடும். முதலில் இறங்குவது லிட்டருக்கு 40 அல்ல, அதற்கும் எவ்வளவோ மேல். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பத்து தடவையாவது தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்திய பிறகே மாட்டுவேன்.

மூன்றாம் நாள் பொட்டாசியம் 3.6. வயிறு இளகியது. அப்பாயி மடியில் உட்கார்ந்து கஞ்சித் தண்ணீர் குடித்தான்.

இப்போது கே.சி.எல். கலந்த பாட்டிலில் சிவப்பு மையில் மூன்று வரி எழுதுகிறேன்: எத்தனை மெக், மணிக்கு எத்தனை மில்லி, 'வேகமாக ஏற்றக் கூடாது'. அதே கட்டில் ஸ்டாண்டில் பிரிக்காத ரிங்கர் லாக்டேட் ஒன்றும் தொங்கும், இரவு இரண்டு மணிக்காக.