எழுத்துகள் அடுக்கும் உருவம்: ஒரு வார மார்க்கெட் ப்ரொஃபைல் குறிப்புகள்

ஜூலை 7, திங்கள்

இந்த வாரம் ஒரே ஒரு பங்கின் ஃப்யூச்சருக்கு மட்டும் மார்க்கெட் ப்ரொஃபைல் வரைந்து குறிப்பு எழுதப் போகிறேன். பங்கின் பெயர் தேவையில்லை, விலை 600 ரூபாயை ஒட்டியது என்று தெரிந்தால் போதும். 9:15-க்குச் சந்தை திறந்ததிலிருந்து ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஓர் எழுத்து. 9:45 வரை A, 10:15 வரை B என்று போகும். அந்த அரை மணியில் விலை தொட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் நேராக அந்த எழுத்தை ஒரு முறை போட வேண்டும். நம் சந்தை ஆறேகால் மணி நேரம் என்பதால் கடைசி எழுத்தான M-க்குக் கால் மணி நேரம்தான். அதை மற்ற எழுத்துகளுக்குச் சமமாக நான் எடைபோடுவதில்லை.

எழுத்துகளை இடது பக்கமாகத் தள்ளி அடுக்கினால் நாளின் உருவம் கிடைக்கிறது. சிகாகோ போர்ட் ஆஃப் டிரேடில் வணிகம் செய்த பீட்டர் ஸ்டைடில்மேயர் 1980-களில் கொண்டுவந்த முறை இது. இன்றைய நாள் இப்படி முடிந்தது:

```
611 B
610 BCH
609 ABCDGHI
608 ABCDEFGHIJLM
607 ABCDEFGHIJKLM
606 ABDEFJKL
605 AEK
604 A
```

நடுவில் தொப்பை, இரண்டு ஓரமும் மெலிவு. முதல் ஒரு மணி நேரத்தில், அதாவது A, B இரண்டிலும் சேர்த்து, விலை 604-க்கும் 611-க்கும் நடுவே நகர்ந்தது. இதைத்தான் இனிஷியல் பேலன்ஸ் என்கிறோம். மீதி நாள் முழுக்க அந்த எல்லையை யாரும் தாண்டவில்லை. மேலே போனால் விற்க ஆள் இருந்தது, கீழே வந்தால் வாங்க ஆள் இருந்தது. சமநிலை நாள் என்று தயங்காமல் சொல்லலாம்.

அகலமான வரி 607, அதில் 13 எழுத்துகள். அதுதான் பாயின்ட் ஆஃப் கண்ட்ரோல், சுருக்கமாகப் பிஓசி. அதைச் சுற்றி 70 சதவீத எழுத்துகள் அடங்கும் விலைப் பகுதியை வேல்யூ ஏரியா என்கிறோம். மொத்தம் 48 எழுத்துகள், அதில் 70 சதவீதம் என்றால் 34. பிஓசியிலிருந்து தொடங்கி, மேலே இரண்டு வரிகளின் கூட்டுத்தொகையையும் கீழே இரண்டு வரிகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டு, பெரியதைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மேலே 608, 609 சேர்ந்து 19; கீழே 606, 605 சேர்ந்து 11. மேலேதான் பெரியது, ஆக 32. அடுத்து மேலே 610, 611 சேர்ந்து வெறும் 4. கீழே அதே 11. கீழ்ப்பக்கத்தைச் சேர்த்தால் 43 ஆகி, 34-ஐத் தாண்டிவிட்டது. வேல்யூ ஏரியா 605 முதல் 609 வரை. ஒவ்வொரு வரியாகச் சேர்க்கும் மென்பொருளில் இதே நாளுக்கு 606 முதல் 609 என்று வரும். இரண்டு திரைகளில் ஒரு ரூபாய் வித்தியாசம் தெரிந்தால் யாரும் பதற வேண்டாம்.

ஜூலை 8, செவ்வாய்

610-ல் திறந்தது. நேற்றைய வேல்யூவுக்கு மேலே, ஆனால் நேற்றைய உச்சத்துக்குள்ளே. A 609 வரை இறங்கியது. அது நேற்றைய வேல்யூவின் மேல் விளிம்பு. அங்கேயே வாங்குபவர்கள் வந்துவிட்டார்கள், பிறகு நாள் முழுக்க விலை திரும்பி வரவில்லை. 609, 610, 611 மூன்று வரிகளிலும் A மட்டும் தனியாக நிற்கிறது. அடுத்த அரை மணியிலும் விலை அங்கே திரும்பாததால் அதை வால் என்று எடுத்துக்கொண்டேன். நேற்று 604-ல் தனியாக நின்ற ஒற்றை A-வை வால் என்று சொல்லியிருக்க மாட்டேன். குறைந்தது இரண்டு வரிகளாவது வேண்டும்.

கவனிக்க வேண்டியது இது: இன்றைய முதல் ஒரு மணி நேர வீச்சு 609 முதல் 616 வரை, ஏழு ரூபாய். நேற்றும் சரியாக ஏழு ரூபாய்தான். அகலத்தை மட்டும் வைத்து இரண்டு நாட்களையும் பிரித்தே இருக்க முடியாது. வித்தியாசம் C-யில் தெரிந்தது. C 615-க்குக் கீழே இறங்காமல் 618 வரை போனது. D-யின் அடி 617, E-யின் அடி 618. இப்படியே M வரை ஒவ்வொரு எழுத்தின் அடியும் முந்தைய எழுத்தின் அடிக்கு மேலேதான். எந்த வரியிலும் நான்கு எழுத்துகளுக்கு மேல் சேரவில்லை. உச்சம் 631, முடிவும் அதை ஒட்டியே. உருவம் ஒல்லிக் கம்பு மாதிரி. இதுதான் போக்கு நாள்.

இத்தகைய நாளிலும் மென்பொருள் ஒரு பிஓசியைக் காட்டும். நான்கு எழுத்துகள் உள்ள 620, 621 இரண்டில் ஒன்று. நான்கே எழுத்துகள் உள்ள வரியை அன்றைய ‘நியாய விலை’ என்று படிப்பதில் அர்த்தமில்லை. யாரும் அங்கே தங்கவே இல்லையே.

ஜூலை 9, புதன்

பகல் 12:45 வரை G முடிந்திருந்தது. விலை 627-க்கும் 632-க்கும் நடுவே, நடுப்பகுதி தடித்து, திங்கட்கிழமை உருவத்தின் சின்ன நகல். நண்பன் ஒருவன் தொலைபேசியில், "அண்ணே, இன்னைக்குத் தூக்கம்தான்" என்றான். அப்புறம் நடந்தது:

```
632 A
631 ABC
630 ABCDEF
629 ABCDEFG
628 ABCDEFG
627 BEGH
626 H
625 H
624 H
623 H
622 HI
621 HI
620 IJKL
619 IJKLM
618 IJKLM
617 JL
```

அரை நாள் உருவத்தை வைத்து நாளுக்குப் பெயர் சூட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. இருந்தாலும் ஒரு தடயம் இருந்தது, 627-ஐப் பாருங்கள். B, E, G மூன்றும் அதே விலையைத் தொட்டு நின்றன, அதற்குக் கீழே வால் இல்லை. விலையை வலுவாகத் தூக்கிவிட்ட வாங்குபவர் அங்கே இல்லை, வெறுமனே விற்பனை சற்று ஓய்ந்திருந்தது. இப்படித் தட்டையாக முடியும் அடியைப் பலவீனமான அடி என்கிறோம். அது உடைந்தே தீரும் என்று பொருளில்லை. சமநிலை என்று நம்பி 627-ல் வாங்குபவருக்கு அது ஓர் எச்சரிக்கை.

H ஒரே அரை மணியில் 627-லிருந்து 621-க்கு இறங்கியது. 623 முதல் 626 வரை அது மட்டுமே தனியாக நிற்கிறது. இவை சிங்கிள் பிரிண்ட். பிறகு I முதல் M வரை 617-க்கும் 622-க்கும் நடுவே புதிதாக ஒரு தொப்பை. இரட்டைப் பரவல் நாள்.

இங்கேதான் 70 சதவீதக் கணக்கு ஏமாற்றுகிறது. 628, 629 இரண்டிலும் ஏழேழு எழுத்துகள், நாளின் நடுவுக்கு அருகில் இருப்பது 628. அதுவே பிஓசி. அங்கிருந்து திங்கட்கிழமைக் கணக்கைப் போட்டால் வேல்யூ ஏரியா 620 முதல் 632 வரை வருகிறது. நடுவில் யாரும் நின்று வணிகம் செய்யாத நான்கு ரூபாய் வெற்றிடமும் ‘மதிப்பு’ ஆகிவிடுகிறது! நாள் 619-ல் முடிந்திருக்க, பிஓசி ஒன்பது ரூபாய் மேலே காலையில் கிடக்கிறது. நான் படத்தை H-ல் வெட்டி இரண்டு ப்ரொஃபைலாக வைத்துக்கொண்டேன். நாளைக்கு எனக்கு வேண்டியது கீழ்ப் பாதி மட்டும்.

இன்னொன்று. வரியை ஒரு ரூபாய்க்குப் பதில் மூன்று ரூபாயாக வைத்தால், இந்தச் சிங்கிள் பிரிண்ட் ஒரே வரியாகச் சுருங்கிவிடும், அல்லது வரிகள் தொடங்கும் இடத்தைப் பொறுத்து பக்கத்து வரிகளோடு கலந்து முழுதாக மறைந்துவிடும். ஒரு நாளின் உருவத்தைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வரியின் அளவைக் கேட்பேன்.

ஜூலை 10, வியாழன்

620-ல் திறப்பு, கீழ்த் தொப்பைக்குள்ளேயே. இன்று எனக்கு இருந்தது ஒரே கேள்வி: விலை சிங்கிள் பிரிண்டுக்குள் ஏறினால் அங்கே தங்குமா? தங்கி, இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்து வெற்றிடம் நிரம்பினால் நேற்றைய சரிவின் கதை முடிந்தது, காலைத் தொப்பையான 628-க்கு வழி திறக்கும். C 624 வரை ஏறியது. D 623-ஐத் தொட்டுத் திரும்பியது. E அங்கே வரவே இல்லை. மதியத்துக்குள் எழுத்துகள் 618, 619-ல் குவியத் தொடங்கின, நேற்றைய கீழ்ப் பாதி இருந்த அதே இடத்தில். புதிய போக்கு எதுவும் இல்லை, கீழே ஒரு புதிய சமநிலை உருவாகிறது என்று குறித்துவைத்தேன். 617 மட்டும் உறுத்துகிறது. நேற்று J-யும் L-ம், இன்று F-ம் அங்கேயே நின்றிருக்கின்றன, இன்னும் வால் இல்லை.