மே மாதம் தோண்டிய குழி, நவம்பரில் வைத்த வேட்டு

கடலூரில் கடற்கரை பக்கம் வீடு, பாதாளச் சாக்கடை கிடையாது. கொத்தனார் சொன்னபடி 10க்கு 5, ஆறடி ஆழத்தில் செப்டிக் டேங்க் கட்டி, பக்கத்தில் உறிஞ்சுகுழிக்குப் பத்து உறை இறக்கினோம். அடியில் பூச வேண்டாம், சீக்கிரம் ரொம்பாது சார் என்றார், நானும் தலையாட்டினேன். அப்போது மே மாதம், பத்தடியிலும் மணல் காய்ந்துதான் கிடந்தது.

நவம்பரில் நாலு நாள் மழை விட்ட பிறகு கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை. லாரியை வரவழைத்துக் காசு கொடுத்து உறிஞ்சினோம், மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் மறுபடி தண்ணீர் நிற்கிறது. லாரிக்காரர்தான் எட்டிப் பார்த்து, "இது ஊத்துத் தண்ணி சார், தெளிவா இருக்கு பாருங்க" என்றார். எதிர்வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்தேன், நிலமட்டத்திலிருந்து நாலே அடியில் தண்ணீர். எங்கள் டேங்கின் அடித்தளமும் உறைகளும் அதற்குள் முங்கிக் கிடந்திருக்கின்றன.

அதனால் முதலில் அளக்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகைத் தண்ணீர் மட்டத்தைத்தான். மழையில் ஆறடிக்குள் தண்ணீர் வரும் இடத்தில் சாதாரண உறிஞ்சுகுழியே கூடாது என்கிறது இந்தியத் தர விதி.

தை பிறந்ததும் மறுபடி கட்டினோம். ஆறு பேருக்கு உள்ளளவு 6க்கு 3, தண்ணீர் நிற்கும் ஆழம் 4 அடி, சுமார் 2,000 லிட்டர். இதற்கு மேல் பெரிதாக வேண்டியதில்லை. வீட்டின் அடித்தளம் மூன்றடி உயரம் என்பதால் டேங்கைத் தரைக்கு மேல் தூக்க முடிந்தது, அடியையும் பக்கத்தையும் நன்றாகப் பூசினோம். குளியல், சமையல் தண்ணீரைத் தனியாகத் தென்னைக்குத் திருப்பிவிட்டேன்.

அடுத்து உறிஞ்சுகுழி. மண் எவ்வளவு உறிஞ்சும் என்று பார்க்க ஓரடி ஆழத்தில் பள்ளம் தோண்டி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் தண்ணீர் ஊற்றி நேரம் பார்த்தேன். ஓர் அங்குலம் இறங்க 9 நிமிடம். இதற்கான சூத்திரப்படி 204ஐ அந்த நிமிடத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 68 லிட்டர் உறிஞ்சும். கழிப்பறைத் தண்ணீர் மட்டும் 240 லிட்டர் என்று வைத்தால் மூன்றரைச் சதுர மீட்டர் தேவை, அதுவும் பக்கச் சுவர் மட்டும்தான் கணக்கு, அடியைச் சேர்க்கக் கூடாது. ஆழமாக ஒரு குழி போடாமல் நாலடி விட்டத்தில் இரண்டு குழி, குழாய்க்குக் கீழ் இரண்டடி மட்டும், சுற்றி மணல் மேடு. இரண்டிலும் சேர்த்து நாலரைச் சதுர மீட்டர் வருகிறது.

குழியின் அடி நிலமட்டத்துக்கு ஒரடி கீழே, மழைக்கால நிலத்தடித் தண்ணீருக்கு மூன்றடி மேலே. விதி கேட்கும் இடைவெளி இதைவிட அதிகம், எங்கள் மண்ணில் அதற்குமேல் முடியவில்லை. அதனால் போர் குழாயை 60 அடிக்கு அப்பால் மாற்றிப் போட வேண்டியதாயிற்று, அந்தச் செலவுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

போன நவம்பரில் தெருவில் கணுக்கால் தண்ணீர். கழிப்பறையில் ஒரு வாளி ஊற்றிப் பார்த்தேன், மடமடவென்று இறங்கியது. லாரிக்காரர் எண்ணை மட்டும் அழிக்கவில்லை.