ஆர்.ஓ. தண்ணீரும் சர்க்கரை நோயும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாவட்ட அளவிலான உடல்நலக் கணக்கெடுப்பின் தரவைப் பகுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். வீடு வீடாகப் போய்க் கேட்ட கேள்விகளில் இரண்டு இவை: குடிநீரை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா? ஒரு மாலை, இரண்டுக்கும் இடையே எவ்வளவு தொடர்பு இருக்கிறது என்று கணக்கிடும் ரெக்ரஷனை ஓட்டிப் பார்த்தேன்.

```
glm(diabetes ~ ro, data = d, family = binomial)
```

ஆர்.ஓ. இயந்திரம் உள்ள வீட்டாரிடம் சர்க்கரை நோய் தெளிவாகவே அதிகமாக இருந்தது. தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் p-மதிப்பு, பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது. தாதுக்கள் நீங்கிய தண்ணீர், இன்சுலின் என்று மனம் தானாகவே ஒரு கதையைக் கட்டிவிட்டது. அறிக்கையின் வரைவில் 'ஆர்.ஓ. நீர் நோய்க்கு வழிவகுக்கிறது' என்று எழுதியும் வைத்தேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

குழுவின் மூத்த புள்ளியியலாளர் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தண்ணீரை எடுத்துவிட்டு வாஷிங் மெஷினைப் போட்டுப் பார்த்தீர்களா?" போட்டேன். துணி துவைக்கும் இயந்திரமும் சர்க்கரை நோயை 'உண்டாக்கியது', ஏறக்குறைய அதே அளவுக்கு.

பிறகு ஒரு தாளை எடுத்துக் கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டினார். ஆயிரம் பேர், 500 பேர் வசதியானவர்கள், 500 பேர் வசதி குறைந்தவர்கள். வசதியானவர்களில் 400 பேர் வீட்டிலும், மற்றவர்களில் 100 பேர் வீட்டிலும் ஆர்.ஓ. இருக்கிறது. சர்க்கரை நோய் வசதியானவர்களில் 20 சதவீதம், மற்றவர்களில் 10 சதவீதம். தண்ணீருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆர்.ஓ. உள்ள 500 பேரில் நோயாளிகள் 80-உம் 10-உம் சேர்ந்து 90 பேர், அதாவது 18 சதவீதம். இல்லாத 500 பேரில் 20-உம் 40-உம் சேர்ந்து 60 பேர், அதாவது 12 சதவீதம். ஒன்றரை மடங்கு! வசதி என்ற ஒன்று ஆர்.ஓ. வாங்க வைக்கிறது, உட்கார்ந்த வேலை, உணவு, உடல் எடை வழியாக நோயையும் கூட்டுகிறது. இப்படி இரு பக்கமும் கைவைக்கும் காரணியைத்தான் கன்ஃபவுண்டர் என்கிறோம். ரெக்ரஷனுக்கு இது தெரியாது. நாம் கொடுத்த மாறிகளுக்கு இடையே உள்ள தொடர்பை மட்டும் அது சொல்லும்.

சரி, வயது, வசதி, நகரமா கிராமமா என்பதையெல்லாம் சேர்த்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். சேர்த்தேன். ஆர்.ஓ.வின் கெழு, அதாவது நோயோடு அதற்குள்ள தொடர்பின் அளவு, வெகுவாகச் சுருங்கியது. ஆனால் முழுதாக மறையவில்லை. 'அப்படியானால் மிச்சம் இருப்பது தண்ணீரின் வேலைதானே?' என்ற ஆசை மறுபடி தலைதூக்கியது. வசதியை நாங்கள் அளந்த விதத்தைப் பார்த்தபோது அது அடங்கியது. வீட்டுப் பொருட்களை எண்ணி, குடும்பங்களை ஐந்து அடுக்காகப் பிரித்திருந்தோம். மேல் அடுக்கில் பைக் வைத்திருப்பவரும் இருந்தார், இரண்டு கார் வைத்திருப்பவரும் இருந்தார். அந்த அடுக்குக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு கொட்டிக் கிடந்தால், அதன் விளைவு மீண்டும் ஆர்.ஓ. கணக்கில்தான் வந்து விழும்.

இன்னொன்று, களப்பணிக்குப் போய்வந்த பெண் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. நூறுநாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, சர்க்கரை இல்லை என்று உறுதியாகச் சொன்னாராம். எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒருநாளும் இல்லை, கண்ணு" என்றாராம். ரத்தம் எடுத்துப் பார்க்காத எங்கள் கணக்கெடுப்பில் அவர் நோயற்றவர். ஆண்டுதோறும் முழுஉடல் பரிசோதனை செய்துகொள்பவரோ நோயாளி. நாங்கள் அளந்ததில் ஒரு பகுதி நோயே அல்ல, சோதனைக்கூடத்துக்குப் போகும் பழக்கம்.

பிற காரணிகளைக் கவனமாகக் கணக்கில் சேர்த்தும் ஏமாந்தவர்கள் உண்டு. அமெரிக்கச் செவிலியர்களை 1976 முதல் பின்தொடர்ந்த பெரும் ஆய்வில், மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதயநோய் ஏறக்குறைய பாதிதான் என்று 1991-இல் தெரிந்தது. பிறகு 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒரு பரிசோதனை நடந்தது. அதை 2002-இல் இடையிலேயே நிறுத்தினார்கள். ஹார்மோன் எடுத்த குழுவில் இதயநோய் குறையவில்லை, சற்றுக் கூடவே இருந்தது. முரண்பாட்டுக்கு எந்த வயதில் மருந்தைத் தொடங்கினார்கள் என்பதும் ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. ஆனால் தாமாக ஹார்மோனைத் தேடிப் போன பெண்கள், பொதுவாகவே வசதியும் உடல்நல அக்கறையும் கூடியவர்கள் என்பது முக்கியமானது. குலுக்கல் அந்த வேறுபாட்டைக் கலைத்துவிட்டது. அந்த அக்கறையை முழுதாக அளந்து கொடுக்கும் கேள்வித்தாள் எதையும் நான் பார்த்ததில்லை.

அறிக்கையிலிருந்து அந்த வரியை அடித்துவிட்டு, 'ஆர்.ஓ. உள்ள வீடுகளில், நோய் இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். இதைக் கொண்டு காரணம் சொல்ல முடியாது' என்று எழுதினோம். மூத்தவர் அத்துடன் விடவில்லை. நோய் தெரிந்த பிறகு, நல்ல தண்ணீர் குடியுங்கள் என்று யாரோ சொன்னதால் இயந்திரம் வாங்கியவர்களும் இருப்பார்களே என்றார். அடுத்த சுற்றுக் கேள்வித்தாளில் இரண்டு வரிகள் கூடின: ஆர்.ஓ. எந்த ஆண்டு வாங்கினீர்கள்? சர்க்கரை இருப்பது எந்த ஆண்டு தெரிந்தது?