‘புள்ள இன்னும் வரல்ல’: காணாமற்போன பிள்ளையைப் பற்றி எழுதும்போது

பிராந்தியச் செய்தி மேசைக்கு இந்தத் தகவல் பெரும்பாலும் இரவில்தான் வரும். அதற்குள் வீட்டார் சொந்தக்காரர் வீடுகள், கூட்டாளிகளின் வீடுகள், கோயில், கடற்கரை எல்லாம் தேடி முடித்திருப்பார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டு, யாரோ தந்த இலக்கத்துக்கு எடுத்து, “புள்ள இன்னும் வரல்ல மனே, ஒருக்கா போட்டு விடுங்க” என்பார்கள். அந்த நேரத்தில் எழுதப்படும் ஏழெட்டு வரிகளில் தவறாக ஒன்று போய்விட்டால் தேடுகிறவர்கள் வேறு பக்கம் போவார்கள். தேவையில்லாத ஒன்று போய்விட்டால் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகும் அது அவளை விடாது.

விளக்கத்துக்காக ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இது ஒரு தனிப் பிள்ளையின் கதை அல்ல, பலமுறை வருவதைச் சேர்த்து அமைத்தது. களுவாஞ்சிகுடிப் பக்கம் 13 வயதுச் சிறுமி, ரியூசன் வகுப்புக்குப் போனவள் திரும்பவில்லை. நிருபர் அனுப்பும் முதல் பிரதி அநேகமாக இப்படி இருக்கும்:

“மாணவி மாயம்! இன்ன பாடசாலையில் தரம் 8இல் கற்கும் இன்னார் (13) நேற்று இரவு 9.30 மணி முதல் காணாமற்போயுள்ளார். தாய் மத்திய கிழக்கில் பணிபுரியும் நிலையில் அம்மம்மாவின் பராமரிப்பில் இருந்த இவர், கைத்தொலைபேசிப் பாவனை தொடர்பில் கண்டிக்கப்பட்டதால் வீட்டைவிட்டு வெளியேறியிருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது. தகவல் தெரிந்தோர் மாமாவின் இலக்கத்துக்கு அறிவிக்கவும்.”

கூடவே ஒரு படம்: சாமத்திய வீட்டில் எடுத்தது. பட்டுச் சேலை, நெற்றிச்சுட்டி, பூ, முழு அலங்காரம்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். 9.30 என்பது முறைப்பாடு எழுதப்பட்ட நேரம். வீட்டாரைக் கேட்டால் “அஞ்சு மணிக்குக் காணாமப் போனா” என்பார்கள். அது வகுப்பு விட்ட நேரம். தேடலுக்கு வேண்டியது இரண்டுமல்ல. பிள்ளையைக் கடைசியாகத் தன் கண்ணால் கண்டவர் யார், எங்கே, எத்தனை மணிக்கு என்பதே வேண்டும். கூடப் படிக்கும் பிள்ளையிடமும் சந்திக் கடைக்காரரிடமும் கேட்டால், 5.20க்குப் பிரதான வீதி பஸ் தரிப்பிடத்தில் நின்றாள் என்று வருகிறது. இதோடு செய்தியின் வாசகரே மாறிவிடுகிறார். அந்த வீதியில் ஒரு பக்கம் ஏறினால் கல்முனை, அக்கரைப்பற்று. மறுபக்கம் ஏறினால் மட்டக்களப்பு, அங்கிருந்து கொழும்புக்கு இரவு ரயில். இப்போது செய்தி போய்ச்சேர வேண்டியவர்கள் ஊரில் இருப்பவர்கள் மட்டுமல்ல, பஸ் நடத்துநர்களும் புகையிரத நிலையத்தில் நிற்பவர்களும்தான். பொலன்னறுவைக்கு அப்பால் ரயிலில் அவளைக் காண்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஆகவே சிங்களத்திலும் நான்கு வரி அன்றிரவே போகவேண்டும். பெயரை ஒலிக்கேற்ப எழுதிவிடாமல், பொலிஸ் முறைப்பாட்டில் எப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டு அதேபோல எழுதவேண்டும். ஒரே பெயர் இரண்டு மொழியில் இரண்டு விதமாகப் போனால், இரண்டு பிள்ளைகளைத் தேடுகிறார்கள் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள்.

அடுத்தது படம். அலங்காரப் படத்தைத் தருவது வீட்டாரின் தவறல்ல. அவர்களிடம் இருப்பதில் வடிவான, பெரிய படம் அதுதான். ஆனால் பஸ்ஸில் மூலை ஆசனத்தில் தலையைக் குனிந்து இருக்கும் பிள்ளையை அந்தப் படத்தை வைத்து யாராலும் அடையாளம் காண முடியாது. அதோடு அவள் பெரியபிள்ளையான செய்தியும் ஊரெல்லாம் போய்விடும். யாராவது ஒருவரின் தொலைபேசியில், கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த, அலங்காரமில்லாத, நேராகப் பார்க்கும் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். மற்றப் பிள்ளைகள் நிற்கும் பகுதியையும் பாடசாலைச் சின்னத்தையும் வெட்டுங்கள். திகதியையும் நேரத்தையும் படத்தின் மேலேயே எழுதுங்கள், கீழே அல்ல. வட்ஸ்அப்பில் வந்த படத்தைச் சேமித்து மறுபடி அனுப்பும்போது படம் மட்டும்தான் பயணம் செய்யும், கீழே எழுதியது கழன்றுவிடும். திகதி இல்லாத படம், பிள்ளை வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் கழித்தும் “அவசரம், பகிருங்கள்” என்று சுற்றும்.

உயரத்தை அடியில் கேட்டால் அம்மம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. “நீங்க பக்கத்துல நிண்டா ஒங்கட எந்த இடத்துக்கு வருவா?” என்று கேட்டால் கையை வைத்துக் காட்டுவார், பிறகு அளந்துகொள்ளலாம். உடுப்பையும் அப்படித்தான் கேட்கவேண்டும். “நீலச் சட்டை” என்றால் போதாது. வானநீலமா, கடும் நீலமா, பாவாடையா, காற்சட்டையா, காலில் என்ன? உடுப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், மாற்ற முடியாததும் ஒன்று வேண்டும்: முன்பல் இடைவெளி, வலக் கன்னத்து மச்சம் என்பதுபோல, எதிரில் நிற்பவருக்குத் தெரியக்கூடியது.

பிள்ளைக்கு நோயோ குறைபாடோ இருந்தால் நோயின் பெயரை எழுதுவதில்லை. காண்பவர் என்ன செய்யவேண்டும் என்பதை எழுதவேண்டும். காது கேளாத பிள்ளையென்றால், “பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார், முன்னால் போய்க் கையசையுங்கள்.” வலிப்புக்கு மருந்து எடுக்கும் பிள்ளையென்றால், “நேரத்துக்கு மருந்து தேவை, கண்டால் தாமதிக்காமல் அறிவியுங்கள்.” மிச்சம் பொலிஸுக்கும் வைத்தியருக்கும்.

இனி வெட்டவேண்டியது. வீட்டாரின் தொலைபேசி இலக்கத்தைத்தான் நாங்கள் முதலில் வெட்டுவோம். அதை வெட்டும்போதுதான் வீட்டாருக்கு மனம் கேட்காது, “அப்ப எங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்பார்கள். ஆனால் அந்த இலக்கத்துக்குத் தகவல் சொல்பவர்கள் மட்டும் எடுப்பதில்லை. “புள்ள எங்கட கையில இருக்கு, காசு போடுங்க” என்று வெறும் பொய்யைச் சொல்பவனும் எடுப்பான், வம்பு பேசுகிறவனும் எடுப்பான். உண்மையான அழைப்பு வரும்போது அந்தத் தொலைபேசி வேறொருவனோடு பேசிக்கொண்டிருக்கும். பொலிஸ் நிலைய இலக்கம், 119, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 ஆகியவற்றைப் போட்டால் போதும். நிலைய இலக்கத்தை ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பொய்காரனைப் பிடிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தப் பிள்ளையின் புத்தகப்பையின் ஒரு பட்டி அறுந்து, அம்மம்மா அதைச் சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்திருக்கிறார். நிருபருக்கு அது அருமையான விவரமாகத் தெரியும், எழுதக் கை துடிக்கும். அதைத்தான் எழுதக்கூடாது. “மண்ணிறப் புத்தகப்பை” என்பதோடு நிறுத்திவிட்டுச் சிவப்பு நூலைப் பொலிஸிடம் மட்டும் சொல்லவேண்டும். “பிள்ளையைக் கண்டேன்” என்பவரிடம் பை எப்படி இருந்தது என்று கேட்க, வெளியில் யாருக்கும் தெரியாத ஒரு விவரம் மிச்சமிருக்க வேண்டும். மறைப்பது வேறு, எறிவது வேறு. செய்தியில் வெட்டும் ஒவ்வொன்றையும் பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குச் சொல்லிவிட்டார்களா என்று வீட்டாரிடம் கேட்பது செய்தி மேசையின் வேலைதான். தொலைபேசியில் வந்த தகவல்கள், யாரோடு பேசினாள், முகநூல் கணக்கு, வீட்டில் நடந்த சண்டை எல்லாம் அங்கே போகவேண்டியவை. அவற்றை வெளியிட்டால், பிள்ளையை வைத்திருப்பவன் ஒருவன் இருந்தால் அவனுக்குத்தான் முதல் எச்சரிக்கை.

தாய் வெளிநாட்டில் என்ற வரியை எங்கள் பக்கத்தில் கை தானாக எழுதிவிடுகிறது. அந்த வரியால் ஒரு நடத்துநரும் பிள்ளையை அடையாளம் காணப்போவதில்லை. குடும்பத்தின் மேல் பழி விழுவதுதான் மிச்சம். “கண்டிக்கப்பட்டதால்” என்பதும் அப்படியே. காரணம் யாருக்கும் தெரியாத நேரத்தில் காரணம் எழுதினால், “தானாப் போனவதானே, தானா வருவா” என்று பார்த்தவரும் பேசாமல் இருந்துவிடுவார். “காதலனுடன் ஓட்டம்” என்பது அதைவிட மோசம். 13 வயதுப் பிள்ளையை ஒரு பெரிய ஆள் கூட்டிக்கொண்டு போனால் அது குற்றம், ஓட்டம் அல்ல.

வாகன இலக்கமும் சந்தேக நபரின் இனமும் ஊரும் எங்கள் மாவட்டங்களில் தீ மாதிரி. ஒரு தமிழ்க் கிராமத்துக்கு அடுத்தது முஸ்லிம் கிராமம், அடுத்தது மீண்டும் தமிழ்க் கிராமம் என்று கிடக்கும் வீதி இது. “சந்தியில் ஒரு வான் நின்றதாம்” என்ற வரி போனால், அரை மணிக்குள் யாரோ ஒரு மீன் வியாபாரியின் வானைச் சனம் மறித்து நிற்கும். பொலிஸ் உறுதிசெய்து, வெளியிடும்படி கேட்டால் மட்டும் இலக்கத்தைப் போடலாம். இனத்தை எப்போதும் போடுவதில்லை.

தலைப்பில் ‘மாயம்’ வேண்டாம். ‘காணாமல் ஆக்கப்பட்ட’ என்ற சொல்லும் வேண்டாம். அந்தச் சொல் இங்கே இன்னும் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருக்கும் தாய்மாருக்கு உரியது, இடம் மாறிப் போட்டால் இரண்டு பக்கமும் நோகும்.

இத்தனையும் பார்த்தபின் செய்தி இப்படி வரும்:

“களுவாஞ்சிகுடிப் பகுதியைச் சேர்ந்த 13 வயதான (பெயர்) தேடப்படுகிறார். செவ்வாய்க்கிழமை மாலை 5.20க்குப் பிரதான வீதி பஸ் தரிப்பிடத்தில் இவரைக் கடைசியாகக் கண்டுள்ளனர். உயரம் ஏறத்தாழ 4 அடி 8 அங்குலம். கடும் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கறுப்புச் செருப்பு, மண்ணிறப் புத்தகப்பை. முன்பற்களுக்கு இடையில் இடைவெளி உண்டு. கண்டால் பிள்ளையோடு இருந்துகொண்டு களுவாஞ்சிகுடிப் பொலிஸுக்கோ 119, 1929 இலக்கங்களுக்கோ அறிவியுங்கள். இது புதன் காலை 6 மணி நிலவரம்.”

பாடசாலையின் பெயர் இல்லை, வீட்டு வீதி இல்லை. பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் முறைப்பாடு பதியப்பட்டதை உறுதிசெய்துவிட்டு இதைப் போடலாம். 24 மணித்தியாலம் பொறுக்கவேண்டும் என்று வீட்டாருக்கு யாராவது சொல்லியிருந்தால், அப்படி ஒரு சட்டம் கிடையாது, மறுபடி போகச் சொல்லுங்கள்.

பிள்ளை கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதென்று நிருபர் போய்விடுவார். ஆனால் அப்போதுதான் பழைய செய்தி ஆபத்தாகிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை உரிய அனுமதியின்றி வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365 சீ பிரிவின்படி குற்றம். நேற்றுப் பெயரும் படமும் போட்டுவிட்டு, நாளை “13 வயதுச் சிறுமி துஷ்பிரயோகம், ஒருவர் கைது” என்று பெயரில்லாமல் போட்டால் அதில் மறைத்தது எதுவுமில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்க ஊருக்கு ஒரு நிமிடம் போதும். அதனால் நடந்தது எதுவாயினும், எதுவுமே நடக்காவிட்டாலும், கிடைத்த அன்றே பெயரையும் படத்தையும் எடுத்துவிட வேண்டும். பிறகு தேவைப்பட்டால் எடுக்கலாம் என்று வைத்தால், எடுக்கும் நாளே ஊருக்கு ஒரு சைகையாகிவிடும். நாங்கள் அனுப்பிய குழுக்களிலும் அழித்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு வரி போடுகிறோம்:

“களுவாஞ்சிகுடிப் பகுதியில் தேடப்பட்ட சிறுமி கண்டுபிடிக்கப்பட்டுள்ளார். முன்னைய படத்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.”

எங்கே இருந்தாள், யாரோடு இருந்தாள் என்று வாசகர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் எழுதுவதில்லை.